ஏற்றத்தில் மூச்சு வாங்குதா? மலையும் காரணமாக இருக்கலாம், ரத்தசோகையும் காரணமாக இருக்கலாம்!

தாண்டிக்குடி மாதிரி ஊரில் மூச்சு வாங்குவதை யாரும் நோயாக நினைப்பதில்லை. வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் மேடுதான். கடைக்குப் போனாலும், பாலமுருகன் கோயிலுக்குப் போனாலும், காபித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போனாலும் ஏற்றம்தான். "மலைன்னா மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். அசதியையும் இப்படித்தான் "வேலை ஜாஸ்தி", "வயசாகுது", "தூக்கம் பத்தலை" என்று எதிலாவது சேர்த்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். இத்தனை பேருக்கு இருந்தும் பலருக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், இது மெதுவாக வருவதுதான். மலையில் வாழ்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் "நார்மல்" என்று வரும் எண், அவர்களுக்கு நார்மலாக இல்லாமல் போகலாம். உடம்பு காட்டும் அறிகுறிகளை முதலில் பார்த்துவிட்டு அந்த எண்ணுக்கு வருவோம்.

உள்ளே என்ன நடக்கிறது?

ரத்தத்தின் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய் தசைகளில் இறக்குகிறது. அதைச் செய்ய இரும்பு வேண்டும். உணவில் போதுமான இரும்பு வராவிட்டாலோ, மாதவிலக்கில் அதிக ரத்தம் போனாலோ, உடம்பு முதலில் சேமிப்பில் கைவைக்கும். அந்தச் சேமிப்பை அளக்கும் பரிசோதனைதான் ஃபெரிட்டின். சேமிப்பு கரையும்வரை ஹீமோகுளோபின் அப்படியேதான் இருக்கும். ஆனால், சிலருக்கு இந்தக் கட்டத்திலேயே அசதியும் முடி உதிர்வும் தொடங்கிவிடும். சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும்.

அது மாதக்கணக்கில் சிறுகச் சிறுக இறங்குவதால் உடம்பும் பழகிக்கொள்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் சரக்கு குறைந்ததால், இதயம் வேகமாகத் துடித்து அதை ஈடுகட்டுகிறது. உட்கார்ந்திருக்கும்போது இந்த ஈடு போதும், ஒன்றுமே தெரியாது. படி ஏறும்போதும், தண்ணீர்க்குடம் தூக்கும்போதும் தசைகள் கூடுதலாகக் கேட்கும். இதயமோ ஏற்கெனவே வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் நெஞ்சு படபடக்கிறது, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது, தலை கிறுகிறுக்கிறது. சிலருக்குக் காதுக்குள் நாடித்துடிப்பு கேட்கும்.

எனவே, "மூச்சு வாங்குகிறதா?" என்று மட்டும் கேட்டால் பிரயோஜனம் இல்லை. செங்குத்தான மேட்டில் ஆரோக்கியமானவருக்கும் மூச்சு வாங்கும். கேட்க வேண்டியது, "போன வருஷம் நிற்காமல் ஏறிய அதே மேட்டில் இப்போது எத்தனை இடத்தில் நிற்கிறேன்?" என்பதுதான். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட வேண்டாம், பழைய உங்களோடு ஒப்பிடுங்கள். மலை மாறவில்லை, மூட்டையின் எடை மாறவில்லை, நிற்கும் இடங்கள் மட்டும் கூடியிருக்கின்றன என்றால் மலையைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு விசித்திரமான அறிகுறியும் உண்டு. பச்சரிசியை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பது, பல்பம், சாம்பல், மண், ஐஸ் கட்டி போன்றவற்றின் மேல் அடக்க முடியாத ஆசை வருவது. வீட்டில் இதைக் கெட்ட பழக்கம் என்று திட்டுவார்கள். இரும்புச்சத்துக் குறைபாட்டில் இந்த ஆசை வருவதும், இரும்பு கொடுத்ததும் பலருக்குத் தானாகவே போய்விடுவதும் மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். திட்டுவதற்குமுன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம்.

வெளிறியிருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

"முகம் வெளுத்துப் போச்சு" என்பது நம் ஊர் நிறத்துக்கு அவ்வளவாக உதவாது. மாநிறத்திலும் கறுப்பிலும் தோலின் நிறமி, அடியில் ஓடும் ரத்தத்தின் நிறத்தை மறைத்துவிடும். நிறமி குறைவாக உள்ள இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் இடம், கண்ணின் கீழ் இமை. டியூப் லைட் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு கீழ் இமையை மெதுவாகக் கீழே இழுத்துப் பாருங்கள். இமையின் வெளி விளிம்பை ஒட்டிய பகுதி நல்ல சிவப்பாகவும், உள்ளே போகப் போகக் கொஞ்சம் வெளிறியும் இருப்பதுதான் இயல்பு. இரண்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும். விளிம்பும் உள்பகுதியும் ஒரே மாதிரி வெளிறியிருந்தால் சந்தேகப்படலாம். கண் எரிச்சலோ சளியோ இருந்தால் இமை சிவந்துபோய் ஏமாற்றிவிடும்.

அடுத்தது உள்ளங்கை. விரல்களை விரித்து, ரேகைகளின் நிறம் சுற்றியுள்ள தோலோடு ஒன்றாக வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால், ரேகை வெளுக்கும் அளவுக்குப் போவதற்குள் ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியிருக்கும். காபிப் பழம் பறித்துக் கறை ஏறிய கையிலும், மருதாணி வைத்த கையிலும் இது சரியாகத் தெரியாது.

நகம் சொல்வது பழைய செய்தி

சாதாரண நகம் லேசாக மேல்நோக்கி வளைந்த கூரை மாதிரி இருக்கும். இரும்பு நெடுநாளாகக் குறையும்போது நகம் முதலில் மெலிந்து, எளிதில் உடையத் தொடங்கும். பிறகு வளைவு போய்த் தட்டையாகும். கடைசியாக நடுவில் குழிந்து, ஓரங்கள் தூக்கி, ஸ்பூன் மாதிரி ஆகிவிடும். பெரும்பாலும் கட்டைவிரலிலும் அதை அடுத்த இரண்டு விரல்களிலும் முதலில் தெரியும். விரலைப் படுக்கை வசமாக வைத்து நகத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சாதாரண நகத்தில் வழிந்துவிடும், குழிந்த நகத்தில் தங்கி நிற்கும்.

இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ரத்தசோகை உள்ள பெரும்பாலோருக்கு நகம் குழிவதே இல்லை. நகம் நன்றாக இருப்பதால் ரத்தசோகை இல்லை என்று சொல்ல முடியாது. அதேபோல, ரத்தசோகையே இல்லாமலும் நகம் குழியலாம். ஈரத்திலும் சோப்பிலும் கையை ஊறவைத்து வேலை செய்பவர்கள், மண்ணில் விரல் தேய வேலை செய்பவர்கள், கைக்குழந்தைகளின் கால் நகம் என்று வேறு காரணங்கள் பல. நகத்தில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்து 'சத்துக் குறைவு' என்று சொல்வதையும் விட்டுவிடலாம். அவை பெரும்பாலும் நகத்தில் எப்போதோ பட்ட சிறு அடிகளின் அடையாளம்தான்.

இன்னொன்று, கைவிரல் நகம் அடியிலிருந்து நுனிவரை முழுதாக வளர ஏறக்குறைய 4 முதல் 6 மாதம் ஆகும். இன்று குழிந்திருக்கும் நகம், சில மாதங்களுக்கு முந்தைய நிலைமையைச் சொல்கிறது. சிகிச்சை தொடங்கி ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் நகம் சரியாகத் தாமதமாவது இதனால்தான். மாத்திரை வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம்.

நாக்கு சொல்வது புதிய செய்தி

நாக்கின் மேல்தோல் செல்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுபவை. அதனால் சத்துக் குறைவும், அது சரியாவதும் நாக்கில் சீக்கிரம் தெரியும். ஆரோக்கியமான நாக்கின்மேல் சின்னச் சின்ன மொட்டுகள் போர்வையின் இழை மாதிரி இருக்கும். இரும்பு குறையும்போது அவை தேய்ந்து, நாக்கு வழவழவென்று வெளிறிப்போகும். முதலில் தெரிவது நிறம்கூட அல்ல, எரிச்சல். வழக்கமாகச் சாப்பிடும் ரசமும் ஊறுகாயும் திடீரென்று நாக்கைச் சுடும். வாயின் இரு ஓரங்களிலும் வெடிப்பு வந்து, கொட்டாவி விட்டாலே வலிக்கும்.

நாக்கு வழவழவென்று இருந்தும், வெளிறாமல் மாட்டிறைச்சித் துண்டு மாதிரி சிவந்திருந்தால், இரும்பைவிட வைட்டமின் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைபாட்டை நினைக்க வேண்டும். பி12 குறைபாட்டில் விரல் மூட்டுகளின் மேல் தோல் கறுப்பதும், கால் பாதம் மரத்துப்போவதும் சேர்ந்து வரலாம். பால், தயிர்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெற்றிலை பாக்கு போடுபவர்களின் நாக்கில் கறை ஏறியிருப்பதால், நிறத்தை விட்டுவிட்டு எரிச்சலையும் வழவழப்பையும் பார்ப்பதே சரி.

எல்லா ரத்தசோகையும் இரும்பால் வருவதில்லை என்பதை உலகுக்குக் காட்டிய ஆராய்ச்சியில் நம் நாட்டுப் பெண்களுக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளைத் தாக்கிய கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும்கூட அவர் வேலை செய்திருக்கிறார். ஈஸ்டிலிருந்து எடுத்த மலிவான சாறு அந்தப் பெண்களைக் குணப்படுத்துவதை 1931-ல் வெளியிட்டார். அந்தச் சாறில் இருந்த பொருள்தான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

சீட்டில் இருக்கும் எண்ணும், ஊரின் உயரமும்

கண், நகம், நாக்கு எல்லாமே சந்தேகத்தைத்தான் எழுப்பும். உறுதிசெய்வது ரத்தப் பரிசோதனை. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 11 முதல் 11.9 வரை லேசானது, 8 முதல் 10.9 வரை நடுத்தரம், 8-க்குக் கீழே கடுமையானது. ஆண்களுக்குக் கோடு 13.

இந்த எண்கள் கடல் மட்டத்தை ஒட்டி வாழ்பவர்களுக்கானவை. உயரமான இடத்தில் காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு. அதைச் சமாளிக்க, அங்கேயே வாழ்பவர்களின் உடம்பு கூடுதலாக ஹீமோகுளோபினைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. எனவே மலையில் வசிக்கும் பெண்ணுக்கு 12 என்பது போதாது. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்கான கணக்கு இருக்கிறது. 1,000 முதல் 1,499 மீட்டர் உயரத்தில் வசிப்பவர்களுக்குப் பரிசோதனையில் வந்த எண்ணிலிருந்து 0.8 கழிக்க வேண்டும். 2,000 முதல் 2,499 மீட்டரில் 1.4 கழிக்க வேண்டும்.

தாண்டிக்குடி ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். கொடைக்கானல் இரண்டாயிரத்துக்கும் மேல். ரத்தத்தைக் கீழே உள்ள ஊர் லேபுக்கு அனுப்பினால், சீட்டில் அச்சாகி வருவது வழக்கமான 12 என்ற கோடுதான். கொடைக்கானலில் வசிக்கும் பெண்ணுக்கு 12.9 என்று வந்தால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். 1.4-ஐக் கழித்தால் 11.5. அது லேசான ரத்தசோகை. சுற்றுலாவாக நான்கு நாள் வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கேயே வசிப்பவர்களுக்குத்தான்.

ஓர் உதாரணம்

ஒரு கற்பனைப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 34, இரண்டு குழந்தைகள், தாண்டிக்குடியில் தோட்ட வேலை. மாதவிலக்கு எட்டு நாள் நீடிக்கிறது, கட்டியாகவும் போகிறது. ஒரு வருஷமாக மேட்டில் நின்று நின்று ஏறுகிறார். நாக்கு எரிகிறது, நகம் தட்டையாகியிருக்கிறது. ஹீமோகுளோபின் 11.2 என்று வருகிறது. "கொஞ்சம்தான் கம்மி, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க" என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால், 0.8-ஐக் கழித்தால் 10.4. லேசானது என்று நினைத்தது நடுத்தர ரத்தசோகை ஆகிவிட்டது. பேரீச்சம்பழத்தாலோ பீட்ரூட்டாலோ மட்டும் இது ஏறாது.

அடுத்து, எந்த வகை என்று பார்க்க வேண்டும். முழு ரத்தப் பரிசோதனையில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். அது சிவப்பணுவின் அளவு. இவருக்கு 72. எண்பதுக்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன, இரும்புக் குறைபாடாக இருக்க வாய்ப்பு அதிகம். நூறுக்கு மேல் இருந்தால் பி12, ஃபோலிக் அமிலம் பக்கம் பார்ப்பார்கள். ஃபெரிட்டின் 8. காய்ச்சலோ வேறு நோயோ இல்லாத பெரியவருக்கு 15-க்குக் கீழே என்றால் இரும்புச் சேமிப்பு காலி என்று பொருள். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

மருத்துவர் இரும்பு மாத்திரை தருகிறார். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் 12.3. குறைந்தது 1 கிராம் ஏறியிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால், "12 தாண்டிடுச்சு" என்று இங்கே நிறுத்தினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார். கழித்துப் பார்த்தால் இன்னும் 11.5தான். எண் சரியான பிறகும், காலியான சேமிப்பை நிரப்ப ஏறக்குறைய மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டியிருக்கும். கூடவே, எட்டு நாள் மாதவிலக்குக்குக் காரணம் கர்ப்பப்பைக் கட்டியா, வேறு ஏதாவதா என்றும் பார்க்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் தொட்டியை நிரப்ப முடியாது.

ஏறவில்லை என்றால்?

ஒரு மாதத்தில் எண் அசையவில்லை என்றால், முதலில் மாத்திரையை எதனோடு விழுங்குகிறீர்கள் என்று பாருங்கள். காபி விளையும் ஊரில் இது முக்கியம். 1983-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தபோது அந்த உணவிலிருந்து உடம்பு எடுத்துக்கொண்ட இரும்பு 39 சதவிகிதம் குறைந்தது. டீயில் 64 சதவிகிதம் குறைந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் காபி தடுத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்துவிட்டால் தடுக்கவில்லை. எனவே காபியை விட வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். மாத்திரைக்கு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நல்ல துணை. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் பாலையும் அதோடு சேர்க்கக் கூடாது.

மாத்திரை போட்டதும் மலம் கறுப்பாகப் போவது இயல்பு. குமட்டலோ மலச்சிக்கலோ வந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேளையையோ அளவையோ மாற்றித் தருவார். ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்வதும் உண்டு. மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றும் வழியும் இருக்கிறது.

அடுத்த சந்தேகம் கொக்கிப்புழு. நிழலும் ஈரமும் உள்ள தோட்ட மண்ணில் இதன் இளம்புழு உயிரோடு இருக்கும். வெறுங்காலோடு நடக்கும்போது பாதத் தோல் வழியே உடம்புக்குள் நுழைந்து, குடலில் பற்றிக்கொண்டு தினமும் ரத்தம் உறிஞ்சும். இரும்பு மாத்திரையோடு அல்பெண்டசோலும் தருவது இதற்காகத்தான். தோட்டத்துக்குச் செருப்போ பூட்ஸோ போட்டுக்கொண்டு போவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறாவிட்டால், தலசீமியா மாதிரி பரம்பரைக் காரணம் இருக்கலாம். அதிலும் எம்.சி.வி. குறைவாகவே வரும். அதனால், வருஷக்கணக்கில் இரும்பு மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டே இருப்பதும் தவறு. ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ எங்கோ ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம்

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால், இரண்டு காலும் வீங்கினால், இரும்பு மாத்திரை போடாமலே மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தாலும் அப்படித்தான். மலை ஊர்களில் வண்டி வரவும், வளைவுகளில் இறங்கி பெரிய ஆஸ்பத்திரியை அடையவும் நேரம் ஆகும். பிரசவத்தில் ரத்தம் போனால் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு வேண்டும் என்பதால், மலையில் இருக்கும் கர்ப்பிணிகள் ஐந்தாம் ஆறாம் மாதத்திலேயே இந்த எண்ணைச் சரிசெய்துகொள்வது பாதுகாப்பு.

உங்கள் வீட்டில் பழைய பரிசோதனைச் சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். மலையில் வசிப்பவர் என்றால், அதில் உள்ள ஹீமோகுளோபின் எண்ணிலிருந்து உங்கள் ஊர் உயரத்துக்கான அளவைக் கழியுங்கள். வந்த விடை பெண்களுக்கு 12-க்கும், ஆண்களுக்கு 13-க்கும் கீழே இருந்தால், அந்தச் சீட்டோடும், "நான் இருப்பது மலையில்" என்ற ஒரு வரியோடும் மருத்துவரைப் பாருங்கள்.